மைனஸ் எட்டில் அறுந்துபோன அழைப்பு

அன்புள்ள அம்மா, அப்பா,

காலையில் பேசிக்கொண்டிருந்தபோதே அழைப்பு அறுந்துவிட்டதால் நீங்கள் பயந்துபோய் அத்தை, மாமா, பெரியப்பா என்று எல்லோரையும் கூப்பிட்டுவிட்டீர்கள் என அண்ணன் சொன்னான். ஆளாளுக்குத் தனியாகப் பதில் சொல்ல முடியவில்லை. அதனால் எல்லோருக்கும் சேர்த்தே எழுதுகிறேன். எனக்கு ஒன்றும் ஆகவில்லை. ஃபோன்தான் செத்துப்போனது.

நேற்று ராத்திரி படுக்கும்போதே ஸ்னோ விழ ஆரம்பித்திருந்தது. பத்து மணிக்கு மைனஸ் நான்கு. ஜன்னலில் கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டுத் தூங்கிவிட்டேன். காலையில் என்னை எழுப்பியது அலாரம் இல்லை, வெளிச்சம். சூரியன் இன்னும் வரவில்லை. ஆனாலும் தெருவிளக்கின் வெளிச்சம் கீழே கிடந்த வெண்மையில் பட்டுத் திரும்பி, அறையின் கூரைவரை வந்திருந்தது. அப்புறம்தான் சத்தமே இல்லை என்பதைக் கவனித்தேன். தினமும் காதைக் கிழிக்கும் எதிர்த் தெரு வண்டிகள் அன்றைக்கும் போய்க்கொண்டுதான் இருந்தன, ஆனால் பஞ்சுக்குள் போவது மாதிரி. நம் வீட்டில் காலை என்றால் முதலில் அப்பாவின் இருமல், பிறகு நீங்கள் தாழ்ப்பாள் நீக்கும் சத்தம். இங்கே அந்த அமைதியில் உட்கார்ந்திருந்தபோது, வந்த இத்தனை மாதத்தில் முதல் முறையாக அழுகை வந்தது. சொல்ல வேண்டாம் என்றுதான் நினைத்தேன், சொல்லிவிட்டேன்.

நாம் ‘பனி’ என்று சொல்வது புல்லில் நிற்கும் ஈரத்தையும், காலையில் தெருவை மறைக்கும் மூட்டத்தையும்தான். இதை வெண்பனி என்று புத்தகத்தில் படித்திருக்கிறேன், ஆனால் வாயில் வரவில்லை. கண்ணால் பார்த்த பிறகும் ஸ்னோ என்றுதான் சொல்கிறேன்.

ஏழரை மணிக்குக் கிளம்பினேன். மைனஸ் எட்டு, மேகம் கலைந்துவிட்டது, காற்று மட்டும் விடாமல் அடித்துக்கொண்டிருந்தது. வகுப்புக்கு நடை இருபது நிமிடம். காலை வைத்ததும் ‘கறுக்’ என்றது. வீட்டு வாசலில் கால் கணுக்கால்வரை உள்ளே போயிற்று. உங்களுக்குக் காட்டலாம் என்று கையுறையைக் கழற்றிவிட்டு ஒரு கை அள்ளினேன். படங்களில் உருண்டை பிடித்து எறிகிறார்களே, அதைச் செய்து காட்ட வேண்டும் என்று ஆசை. உருண்டையே வரவில்லை. எவ்வளவு அழுத்தினாலும் மாவு மாதிரி விரலிடுக்கில் உதிர்ந்தது. நாலைந்து தடவை முயன்றேன். உள்ளங்கைச் சூட்டில் கொஞ்சம் உருகி, கை முழுக்க ஈரம். அந்த ஈரக் கையோடுதான் உங்களை வீடியோவில் கூப்பிட்டேன். அப்பா முகம் வந்தது. நீங்கள் “காதை மூடு, காதை மூடு” என்றது மட்டும் கேட்டது. நான் கேமராவைக் காலடிப் பக்கம் திருப்பி நடக்க ஆரம்பித்தேன். அதற்குள் திரை கறுத்துவிட்டது. நாற்பது சதவீதத்துக்கு மேல் சார்ஜ் இருந்ததைப் பார்த்துவிட்டுத்தான் கூப்பிட்டிருந்தேன். பொத்தானை எவ்வளவு நேரம் அழுத்தினாலும் உயிர் வரவில்லை.

நான் செய்த முட்டாள்தனம் அங்கே தொடங்கியது. கையுறையைப் போடாமல், நடந்துகொண்டே பத்து நிமிடம் ஃபோனோடு மல்லுக்கட்டினேன். முதலில் விரல் வலித்தது. பிறகு வலி நின்றுவிட்டது. சரி, பழகிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். கட்டடத்துக்குள் போய்ப் பையின் ஜிப்பைத் திறக்கப் பார்த்தால், பிடித்திருக்கிறேனா இல்லையா என்றே தெரியவில்லை. ஆள்காட்டி விரலும் நடுவிரலும் நுனியில் மெழுகு மாதிரி வெளுத்திருந்தன. நகத்தால் அழுத்தினால் உணர்வே இல்லை.

பக்கத்தில் உட்காரும் பெண் இந்தக் குளிரிலேயே வளர்ந்தவள். பார்த்தவுடனே என் கையைப் பிடித்து, கோட்டுக்குள் என் அக்குளில் செருகச் சொன்னாள். ஹீட்டர் பக்கம் போகவே விடவில்லை. பத்து நிமிடம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். உணர்வு திரும்பியபோது விரலுக்குள் நூறு ஊசி குத்துவது மாதிரி இருந்தது. அப்புறம் சிவந்தது, லேசாக வீங்கியது, மத்தியானத்துக்குள் சரியாகிவிட்டது. இப்போது இதை அதே விரல்களால்தான் தட்டச்சு செய்கிறேன். நம்புங்கள்.

ஃபோனும் கோட்டின் உள்பையில் இருந்து சூடேறியதும் தானாகவே பிழைத்துக்கொண்டது. முப்பத்தெட்டு சதவீதம் என்று காட்டியது. ஏன் செத்தது என்று யாருக்காவது தெரிந்தால் சொல்லுங்கள்.

உங்கள் மகள்

---

மாமா எழுதியது:

பாப்பா, நல்லவேளை. ஆனால் உன் தோழி செய்தது தப்பு. விரல் மரத்துப்போனால் அதே ஸ்னோவை எடுத்துத் தேய்க்க வேண்டும். குளிரைக் குளிரால்தான் எடுக்கணும், சூட்டைக் காட்டினால் விரல் போய்விடும். என்னோடு வேலை பார்த்த ஒரு பெரியவர் சொன்னது. அவர் வாழ்நாள் முழுக்க அந்த மாதிரி ஊரில் இருந்தவர்.

---

அத்தை எழுதியது:

மைனஸ் எட்டு என்று படித்ததிலிருந்து எனக்குத் தூக்கமில்லை. அறையில் எப்படிப் படுக்கிறாய்? குளிக்கவே வேண்டாம் கண்ணு, துடைத்துக்கொள். இங்கே எனக்கு ஏசி இருபதுக்குப் போனாலே முட்டி பிடித்துக்கொள்கிறது. போன வாரம்கூட டாக்டரிடம் போய், இரண்டு மாத்திரை எழுதிக்கொடுத்து, ஒன்று ஒத்துக்கொள்ளவில்லை, அது பெரிய கதை.

---

பெரியப்பா எழுதியது:

அத்தைக்கு முதலில்: மைனஸ் எட்டு வெளியேதான். அறைக்குள் இருபது, இருபத்தொன்று இருக்கும். அவள் நம்மைவிட நிம்மதியாகத்தான் குளிப்பாள்.

மாமா சொன்னதில் பாதி சரி. நெப்போலியன் படை 1812இல் மாஸ்கோவிலிருந்து பின்வாங்கியபோது, விறைத்த கை கால்களை வீரர்கள் நேராக நெருப்பில் காட்டிக் கெடுத்துக்கொண்டதைப் படை மருத்துவர் லாரே பார்த்தார். நெருப்பு கூடாது என்று அவர் கண்டது சரி. மரத்த தோலுக்குச் சூடு தெரியாது, வெந்துபோனாலும் தெரியாது. ஹீட்டர் பக்கம் விடாத தோழி கெட்டிக்காரி. ஆனால் அதற்கு மாற்றாக அவர் சொன்ன ஸ்னோ தேய்ப்புதான் தப்பு. அது விரலில் மிச்சமிருக்கும் சூட்டையும் உறிஞ்சும், பனித்துகள் தோலையும் கிழிக்கும். அப்படியும் அந்தப் பழக்கம் நூறு வருஷத்துக்கு மேல் ஓடியது. மாமாவின் பெரியவருக்கும் அந்த வழியில்தான் வந்திருக்கும். அக்குள் போதும். தண்ணீர் என்றால் வெதுவெதுப்பாக, வேறு ஒருவர் முழங்கையை விட்டுப் பார்த்த பிறகு.

பாப்பா, உனக்கு ஆனது மேல்தோல் அளவுதான். சூடானதும் சிவந்து உணர்வு வந்துவிட்டது என்பதே அதற்கு அடையாளம். சூடான பிறகும் வெளுத்தே இருந்தாலோ, தொட்டால் கட்டையாக இருந்தாலோ, கொப்புளம் வந்தாலோ அன்றைக்கே மருத்துவமனை. ஒன்றை மட்டும் மனதில் வை: வலி நின்றதைப் பழகிவிட்டது என்று நினைத்தாயே, அந்த நிமிஷம்தான் ஆபத்து. நரம்பு சொல்வதை நிறுத்திவிட்டது என்று அர்த்தம். உன்னைக் கெடுத்தது மைனஸ் எட்டு மட்டும் இல்லை. மணிக்கு இருபது கிலோமீட்டர் காற்றடித்தாலே வெறும் தோலுக்கு அது மைனஸ் பதினைந்து மாதிரி, அதுவும் காய்ந்த தோலுக்கு. நீ ஈரக் கையோடு நின்றிருக்கிறாய்.

உருண்டை பிடிக்க வராததற்கும் காரணம் இருக்கிறது. பூஜ்யத்தை ஒட்டி இருந்தால் துகள்களைச் சுற்றி மெல்லிய ஈரம் இருக்கும், அதுதான் ஒட்டும். மைனஸ் எட்டில் அது காய்ந்த பொடி. ‘கறுக்’ என்பதும் அதனால்தான். வழுக்கி நகர ஈரம் இல்லாததால் துகள்கள் ஒன்றோடொன்று உரசி உடைகின்றன. மேகம் கலைந்த பிறகு குளிர் ஏறியதைக் கவனித்தாயா? மேகம் போர்வை மாதிரி. அது போனதும் தரையின் சூடு வானத்துக்குப் போய்விடும். ஸ்னோ விழும் ராத்திரியைவிட, நின்று தெளிந்த காலைக்குத்தான் அதிகமாக உடுத்த வேண்டும்.

---

அண்ணன் எழுதியது:

ஃபோன் விஷயம் நான் சொல்கிறேன். சார்ஜ் எங்கேயும் போகவில்லை. குளிரில் லித்தியம் பேட்டரிக்குள் வேலை மந்தமாகிவிடும். சும்மா வைத்திருந்தால் சமாளிக்கும். வீடியோ, கேமரா என்று ஒரேயடியாகக் கேட்டால் அதனால் கொடுக்க முடியாது, வோல்டேஜ் சட்டென்று விழும், ஃபோன் அணைந்துவிடும். சூடானதும் முப்பத்தெட்டு காட்டியது அதனால்தான். சில ஃபோன்களின் கையேட்டில் பூஜ்யத்துக்கு மேல்தான் பயன்படுத்த வேண்டும் என்றே போட்டிருப்பார்கள். உள்பையில் வைத்துக்கொள். சில்லென்று இருக்கும்போது சார்ஜ் போடாதே, பேட்டரி நிரந்தரமாகக் கெடும். வீட்டுக்குள் வந்ததும் உடனே போடாமல் கொஞ்சம் பொறு.

---

மாமா எழுதியது:

லாரே சொன்னார், இல்லை என்று யாரோ சொன்னார். அந்தப் பெரியவருக்குப் பத்து விரலும் இருந்தது, அவ்வளவுதான் எனக்குத் தெரியும்.

---

மகள் எழுதியது:

மாமா, அடுத்த தடவை விரல் வெளுக்கவே விடமாட்டேன், அப்போது தேய்க்கவா வேண்டாமா என்ற பேச்சே வராது. விரல் பிரியாத கையுறை ஒன்று வாங்கிவிட்டேன். நாலு விரலும் ஒன்றாக இருப்பதால் சூடு நிற்கிறது, ஆனால் அதைப் போட்டுக்கொண்டு ஃபோனைத் தொட முடியாது. அண்ணா, உள்பையில் வைத்தும் இன்று கையில் எடுத்த மூன்றாவது நிமிஷம் அணைந்தது. என் பேட்டரியே பழசோ என்னவோ. அம்மா, உங்களுக்கு ஸ்னோவைக் காட்ட முடியவில்லையே என்றுதான் வருத்தம். ஞாயிற்றுக்கிழமை ஜன்னலுக்கு உள்ளே நின்று கூப்பிடுகிறேன்.

---

அம்மா சொல்ல, அண்ணன் தட்டச்சு செய்தது:

அன்றைக்குப் படம் நின்றுபோன பிறகும் சத்தம் கொஞ்ச நேரம் வந்தது. ஈர மணலில் யாரோ நடக்கிற மாதிரி. அப்பா லைன் கோளாறு என்றார். நான் இல்லை, அவள் நடக்கிறாள் என்றேன். பதினோரு அடி எண்ணினேன், அப்புறம் நின்றுவிட்டது. ஞாயிற்றுக்கிழமை ஜன்னலில் நின்று காட்டு. முடிந்தால் கொஞ்ச தூரம் நடந்தும் காட்டு, கையுறை போட்டுக்கொண்டு.