தாமான் அண்டை வீட்டார் குழு: ஆட்டா மாவின் தேதி

கமலா: கடையிலிருந்து சாமான் வந்திருக்கிறது. 5 கிலோ ஆட்டா பையில் "பிகேடி 05/03/26" என்று மட்டும்தான் இருக்கிறது. முடியும் தேதியைக் காணோம். பையன் வாசலில் நிற்கிறான், சீக்கிரம் சொல்லுங்கள்.

முருகையா: மே 3 அது. இப்போது ஆகஸ்ட்தானே, புது மாவு. வாங்கிக்கொள்.

லதா: அக்கா, பையனைக் கொஞ்சம் நிற்கச் சொல்லுங்கள். பிகேடி என்றால் பையில் அடைத்த நாள். இந்தியாவிலிருந்து வரும் மாவில் எத்தனை மாதம் என்பதை வேறு பக்கம் போட்டிருப்பார்கள். மடிப்பைப் பிரித்துப் பாருங்கள்.

கமலா: இருக்கிறது! "பெஸ்ட் பிஃபோர் சிக்ஸ் மந்த்ஸ் ஃப்ரம் பேக்கேஜிங்". மடிப்புக்குள் மறைந்திருந்தது.

லதா: அப்படியென்றால் மார்ச் 5-லிருந்து ஆறு மாதம், செப்டம்பர் 5. இன்று ஆகஸ்ட் 28. எட்டு நாள்தான்.

முருகையா: மார்ச் என்று எப்படிச் சொல்கிறாய்? அமெரிக்கச் சாமானில் மாதம்தான் முன்னால் வரும்.

லதா: அமெரிக்கச் சாமானில் அப்படித்தான் அண்ணே. அக்கா, அதே மார்க் மாவு வேறு பை இருக்கிறதா?

கமலா: 1 கிலோ பையும் வந்தது. அதில் 17/03/26.

லதா: 17-ஆவது மாதம் கிடையாது. அதனால் நடுவில் இருப்பதுதான் மாதம்.

ராணி: என் வீட்டுத் தேங்காய்ப் பால் பெட்டி உப்பிவிட்டது. ஆனால் நவம்பர் வரை தேதி இருக்கிறதே, பயன்படுத்தலாமா?

லதா: வேண்டாம் அக்கா, திறக்காமலே வீசிவிடுங்கள். பெட்டி கெடாமல் இருந்தால்தான் அந்தத் தேதிக்கு அர்த்தம்.

முருகையா: பெஸ்ட் பிஃபோர் தாண்டினாலும் சாப்பிடலாம் என்பார்களே.

லதா: மாவுக்குச் சரி. தேதி தாண்டிய மறுநாளே விஷமாகாது. ஆனால் ஆட்டாவில் முளைக்கருவின் எண்ணெயும் சேர்ந்து அரைபடுகிறது. நாளானால் அந்த எண்ணெய் சிக்குப்பிடித்து, சப்பாத்தி கசக்கும். நம் ஊர் வெயிலில் இன்னும் சீக்கிரம். பாக்கெட் பாலில் "தாரிக் லுப்புட்" போட்டிருந்தால் அது வேறு கதை, தாண்டினால் தொடக்கூடாது.

கமலா: கடைக்காரரிடம் பேசினேன். "தேதி தாண்டவில்லையே" என்கிறார்.

லதா: அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. தாண்டாததை விற்றால் குற்றமில்லை. ஆனால் எட்டு நாளில் 5 கிலோவை யார் தீர்ப்பது? பையும் பில்லும் தேதியும் ஒரே படத்தில் தெரியும்படி எடுத்து அனுப்புங்கள். மாற்றித் தரட்டும், இல்லையென்றால் விலையைக் குறைக்கட்டும். குறைத்தால் சின்னச் சின்னப் பைகளாகக் கட்டி ஃப்ரீசரில் வையுங்கள்.

கமலா: சரி, படம் போட்டுவிட்டேன். பெரிய பையைப் பையனே திரும்பக் கொண்டுபோகிறான். மாலையில் பதில் சொல்கிறாராம். 1 கிலோ பையை மட்டும் எடுத்துக்கொண்டேன், செப்டம்பர் 17-க்குள் தீர்ந்துவிடும்.