நார்ச்சத்தைக் கூட்டிய பிறகு மோஷன் இன்னும் மோசமானது ஏன்? மெனோபாஸ் வயதில் பார்த்தவை

உணவுத்தட்டு
மெனோபாஸை ஒட்டி வரும் மலச்சிக்கலில் நீங்கள் பார்த்ததை எழுதுங்கள். டயட்டீஷியன் வேலையில் பார்த்த ஒன்றை நான் முதலில் வைக்கிறேன்.

54 வயதுப் பெண். மாதவிடாய் நின்று இரண்டு வருடம். நான்கு நாளுக்கு ஒருமுறைதான் மோஷன், அதுவும் ஆட்டுப் புழுக்கை மாதிரி. "நார்ச்சத்து சாப்பிடு" என்று யாரோ சொல்ல, முதல் நாளே இரண்டு வேளையும் இரண்டு மேசைக்கரண்டி இசப்கோல் எடுத்திருக்கிறார். தண்ணீர் அரை டம்ளர்தான். ஒரு வாரத்தில் வயிறு பானையாக உப்பி, ஆறு நாள் மோஷனே இல்லை.

இசப்கோல் தண்ணீரை உறிஞ்சி ஊதும் பொருள். தண்ணீர் போதாவிட்டால் பசை மாதிரி ஆகிவிடும். வயது ஏற ஏற பெருங்குடலின் அசைவு மந்தமாகிறது. மலம் அங்கே தங்கத் தங்க, குடல் அதிலிருந்து தண்ணீரை இழுத்துக்கொண்டே இருக்கும். ஏற்கனவே கெட்டியாக அடைத்து நின்றதன் பின்னால் இவர் இன்னும் கொண்டுபோய்க் குவித்தார், அவ்வளவுதான்.

அதனால் முதலில் இசப்கோலை நிறுத்தினோம். டாக்டர் பாலிஎத்திலின் கிளைகால் பவுடர் எழுதினார்: தினம் 17 கிராம், ஒரு பெரிய டம்ளர் தண்ணீரில். இது குடலை உதைத்துத் தள்ளாது, மலத்துக்குள் தண்ணீரைப் பிடித்து வைக்கும். வேலை செய்ய ஒன்று முதல் மூன்று நாள் ஆகும். முதல் நாளே ஒன்றும் நடக்கவில்லை என்று இரட்டிப்பாக்கிக்கொள்ளக் கூடாது. ஒரு வாரம் மலம் இளகிப் போன பிறகுதான் மறுபடி இசப்கோல். ஒரே ஒரு தேக்கரண்டி, 250 மி.லி. தண்ணீரில் கலக்கி, கெட்டியாகும் முன் குடித்து, மேலே இன்னொரு டம்ளர் தண்ணீர். உப்புசம் இல்லையென்றால் அடுத்த வாரம் இரண்டு தேக்கரண்டி.

சுடுநீர்
இவ்வளவு சுற்றல் எதற்கு? ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்டிரோன் இரண்டும் குறைவதால் குடல் தூங்கிவிடுகிறது. ஹார்மோன் மாத்திரை எடுத்தால் சரியாகிவிடும்.

நைட் ட்யூட்டி
பாதி சரி. குடலின் சுவரிலேயே ஈஸ்ட்ரோஜனுக்கான ஏற்பிகள் இருக்கின்றன, அதனால் தொடர்பு இல்லை என்று சொல்ல முடியாது. ஆனால் புரோஜெஸ்டிரோன் குடலை மெதுவாக்கும் ஹார்மோன். கர்ப்பத்தில் மலச்சிக்கல் வருவதற்கு அதுவும் ஒரு காரணம். அந்தக் கணக்குப்படி அது குறையும்போது குடல் வேகமாக வேண்டும், நடப்பது அப்படி இல்லையே. ஹார்மோன் குறைவதோடு குடல் நரம்புகள் தேய்வது, மலக்குடலின் உணர்ச்சி மங்குவது, தாகம் குறைவது, உடல் அசைவு குறைவது எல்லாம் ஒரே சமயத்தில் வருகின்றன. எது எவ்வளவு என்று பிரிப்பது கஷ்டம். மலச்சிக்கலுக்காக மட்டும் யாரும் ஹார்மோன் மாத்திரை எழுதிக் கொடுப்பதில்லை.

உணவுத்தட்டு, அவர் என்னென்ன மாத்திரை சாப்பிட்டார்? நான் முதலில் கேட்கும் கேள்வி அதுதான்.

உணவுத்தட்டு
அங்கேதான் பாதி விடை இருந்தது. எலும்புக்காக கால்சியம் கார்பனேட், தினம் இரண்டு. இரும்பு மாத்திரை ஒன்று. மாதவிடாய் நிற்பதற்கு முன் அதிக ரத்தப்போக்கு இருந்தபோது தொடங்கியது, நிறுத்தச் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை. இரண்டுமே மலத்தை இறுக்குபவை. ரத்தப் பரிசோதனையில் இரும்புச் சேமிப்பு போதுமான அளவு இருந்ததால் டாக்டர் அதை நிறுத்தினார். கால்சியத்தை சிட்ரேட் வகைக்கு மாற்றினார். தைராய்டும் பார்த்தார், அது சரியாக இருந்தது.

நைட் ட்யூட்டி
அதே பட்டியலில் அம்லோடிபின், வெராபமில், அமிட்ரிப்டிலின், சிறுநீர் அடக்க முடியாததற்குக் கொடுக்கும் ஆக்ஸிபியூட்டினின் இவற்றையும் தேடுங்கள். தானாக நிறுத்தக் கூடாது, எழுதியவரிடம் கேட்க வேண்டும்.

மழைத்துளி
என் அம்மாவுக்கு 79 வயது. அவருக்கு மலச்சிக்கல் இல்லை, எதிர்மாறாகத் தண்ணியாக ஒழுகுகிறது. பேதி நிற்கும் மாத்திரை கொடுக்கிறோம், நிற்கவில்லை. இதுவும் மெனோபாஸால்தானா?

நைட் ட்யூட்டி
மழைத்துளி, அந்த மாத்திரையைத் தொடரும் முன் டாக்டரிடம் காட்டுங்கள். மலக்குடலில் கெட்டிக் கட்டி அடைத்திருந்தால், அதன் ஓரமாகத் தண்ணீர் மட்டும் கசியும். பார்க்க பேதி மாதிரியே இருக்கும். பேதியை நிறுத்தும் மாத்திரை அடைப்பை இன்னும் இறுக்கும். ஆசனவாயில் விரல் வைத்துப் பார்த்தாலே பல நேரம் தெரிந்துவிடும்.

பிசியோ அக்கா
நான் இடுப்புத்தளத் தசைகளுக்கான பிசியோதெரபிஸ்ட். உணவுத்தட்டு, மலம் இளகிய பிறகு அவர் எவ்வளவு நேரம் உட்கார்ந்தார்?

உணவுத்தட்டு
அதைத்தான் கேட்க வந்தேன். மூன்றாவது வாரம் மலம் வாழைப்பழம் மாதிரி மென்மையாகிவிட்டது. ஆனாலும் 25 நிமிடம் முக்குகிறார். வெளியே வந்தாலும் "இன்னும் உள்ளே இருக்கு" என்கிறார். வெட்கப்பட்டுக்கொண்டே, பிறப்புறுப்பின் பின்சுவரை விரலால் அழுத்தினால்தான் வெளியே வருகிறது என்றார்.

பிசியோ அக்கா
அந்த ஒரு வாக்கியம் போதும். கெட்டி மலம் வராவிட்டால் அது மெதுவான குடலின் பிரச்சினையாக இருக்கலாம். மென்மையான மலமும் வராவிட்டால் சிக்கல் வாசலில். பிரசவங்களும் வருடக்கணக்காக முக்கியதும் தளர்த்திய சுவர், ஈஸ்ட்ரோஜன் குறைந்த பிறகு இன்னும் மெலிகிறது. மலக்குடல் முன்பக்கமாகப் பை போலப் பிதுங்கி, தள்ளும் விசை அந்தப் பைக்குள் போய்விடுகிறது. இன்னொரு வகையும் உண்டு: தளர வேண்டிய தசையை முக்கும்போது தெரியாமலே இறுக்குவார்கள். கதவைப் பூட்டிவிட்டுத் தள்ளுகிற மாதிரி. நார்ச்சத்து இது இரண்டையும் தீர்க்காது.

அவரிடம் இப்படிச் சொல்லுங்கள். காலை உணவு முடிந்து 20, 30 நிமிடத்தில், உணவு குடலைத் தட்டி எழுப்பும் நேரத்தில் போகட்டும். பாதங்களுக்குக் கீழே 20 செ.மீ. உயர முக்காலி, முழங்கால் இடுப்பை விட மேலே. முன்னால் சாய்ந்து முழங்கைகளைத் தொடைகளில் ஊன்றட்டும். மூச்சை அடக்காமல் மெதுவாக வெளியே விட்டுக்கொண்டே அடிவயிற்றை முன்னே பெருக்கவேண்டும், உள்ளே இழுக்கக் கூடாது. பத்து நிமிடத்தில் வராவிட்டால் எழுந்துவிடட்டும். உந்துதல் வரும்போது தள்ளிப்போடவே கூடாது, மங்கிய உணர்ச்சி அதனால் இன்னும் மங்கும்.

நான்கு வாரத்தில் மாறாவிட்டால், ஆசனவாய் அழுத்தத்தை அளக்கும் சோதனையும், சின்ன பலூனை வெளியே தள்ளச் சொல்லும் சோதனையும் செய்யலாம். தசை இறுகுவது உறுதியானால் பயோஃபீட்பேக். திரையில் தன் தசை அசைவதைப் பார்த்துப் பார்த்துத் தளர்த்தக் கற்பது. பை பெரிதாக இருந்தால் மகளிர் நோய் மருத்துவர் பார்க்க வேண்டும்.

சுடுநீர்
அதுவரை இரவில் சென்னா மாத்திரை போட்டால்? பழகினால் குடல் சோம்பேறியாகி நரம்பு கெட்டுவிடும் என்கிறார்களே.

நைட் ட்யூட்டி
வழக்கமான அளவில் நரம்பு கெடும் என்பதற்கு நல்ல ஆதாரம் இல்லை. இரவு போட்டால் 8 முதல் 12 மணி நேரத்தில் வேலை செய்யும், வயிறு முறுக்கும். வாசல் பூட்டியிருப்பவருக்குப் பின்னாலிருந்து விரட்டுவதால் என்ன லாபம் என்பதுதான் என் கேள்வி.

50 வயதுக்குப் பிறகு புதிதாக மலச்சிக்கல் வந்து, கூடவே ரத்தம், காரணமில்லாமல் எடை குறைவு, ரத்தசோகை, வீட்டில் யாருக்காவது பெருங்குடல் புற்றுநோய் இருந்தால் முக்காலியெல்லாம் அப்புறம். முதலில் கொலோனாஸ்கோபி பற்றிக் கேளுங்கள். விடாமல் வயிறு உப்பினால் சினைப்பையையும் பார்க்கச் சொல்லுங்கள். இந்த வயதில் "வாயு" என்று தள்ளிவிடுகிறார்கள்.

உணவுத்தட்டு
அவருக்கு அப்படி எதுவும் இல்லை, பார்த்துவிட்டார்கள். முக்காலி தொடங்கி பத்து நாள். 25 நிமிடம் 12 ஆகியிருக்கிறது. விரல் அழுத்தம் இன்னும் தேவைப்படுகிறது. பிறப்புறுப்பில் போடும் ஈஸ்ட்ரோஜன் கிரீம் அந்தச் சுவருக்கு உதவுமா, அக்கா?

பிசியோ அக்கா
வறட்சிக்கும் சிறுநீர் எரிச்சலுக்கும் உதவுவதைப் பார்த்திருக்கிறேன். பை சுருங்கி மோஷன் எளிதானது என்று என்னிடம் வந்தவர்கள் யாரும் சொன்னதில்லை. உங்களில் யாராவது பார்த்திருந்தால் எழுதுங்கள்.