குழு விவாதத்தில் மூன்று பேர் ஒன்றாகப் பேசும்போது எப்படி நுழைவது?

வணக்கம். கும்பகோணத்தில் மூன்றாம் ஆண்டு பி.காம் படிக்கிறேன். வெள்ளிக்கிழமை திருச்சியில் இன்டர்ன்ஷிப்புக்கான குழு விவாதம். 10 பேர், 15 நிமிடம்.

ஏற்கெனவே இரண்டில் தேர்வாகவில்லை. முதல் தடவை மொத்தமே 20 விநாடிதான் பேசினேன். அதற்குப் பயந்து அடுத்த தடவை நானே ஆரம்பித்து, விடாமல் பேசினேன். மற்றவர்களுக்கு இடமே கொடுக்கவில்லை என்றார்கள்.

அப்புறம் விடுதித் தோழிகளோடு கைபேசியில் நேரம் வைத்துப் பழகுகிறேன். ஆளுக்கு ஒன்றரை நிமிடம்தான் வருகிறது, அதனால் அரை நிமிடமாக மூன்று முறை பேசுகிறேன். நேற்று 'குறுவைக்கு இயந்திர நடவு' என்ற தலைப்பில் ஒருத்தி ஆள் தட்டுப்பாட்டைச் சொன்னாள். "தட்டுப்பாடு உண்மைதான், ஆனால் நடவுக் கூலியை நம்பியிருக்கும் பெண்கள் என்ன செய்வார்கள்?" என்று அவள் பேச்சைப் பிடித்தே நுழைந்தேன். அதுவரை பேசாதவளிடமும் கருத்துக் கேட்டேன். அது நன்றாகவே வந்தது.

ஆனால் மூன்று பேர் ஒரே நேரத்தில் பேசும்போது மாட்டிக்கொள்கிறேன். காத்திருந்தால் பேச்சு வேறு பக்கம் போய்விடுகிறது. குரலை உயர்த்தினால் பழைய குறைதான்.

அந்த நேரத்தில் நீங்கள் எந்த இடம் பார்த்து, என்ன சொல்லி நுழைந்தீர்கள்?