‘பிரேம் ரேட் லாக்’ – தமிழ்ல என்ன சொல்லலாம்?

செல்வம் எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். இங்க சுங்கை சிப்புட்ல பழைய கம்ப்யூட்டர் வச்சிருக்குற பசங்களுக்காக ஒரு பக்கக் குறிப்பு தமிழ்ல எழுதிக்கிட்டிருக்கேன், வேகம் கம்மியான மெஷின்ல கேமை செகண்டுக்கு 30 படத்துல நிறுத்தி ஓட்டுறது எப்படின்னு. ‘பிரேம் ரேட் லாக்’ங்கிற இடத்துல மாட்டிக்கிட்டேன். ‘சட்டக வீதப் பூட்டு’ன்னு போட்டேன், படிச்ச பையன் “அங்கிள், கேமைப் பூட்டிட்டா எப்படி விளையாடுறது”ங்கிறான்.

எதுக்கு இந்தச் சொல் வேணும்னு சொல்லிடுறேன். போன வாரம் செம்பனைத் தோட்டத்துல வேலை செய்ற ஒருத்தர் மகனோட பிசியைத் தூக்கிட்டு வந்தாரு, ஏதோ ஆபீஸ்ல கழிச்சுப் போட்ட மெஷின், மூன்றாம் தலைமுறை ஐ5, 8 ஜிபி ராம், சின்ன ஜிடி 1030 கார்டு. கார் ஓட்டுற கேம். மூலையில நம்பர் காட்டுது, காட்டு ரோட்டுல 57, டவுனுக்குள்ள நுழைஞ்சா 38, நம்பர் நல்லாத்தானே இருக்குன்னு தோணும், ஆனா ஓட்டிப் பாத்தா ரோட்டோரக் கம்பம் ஒண்ணு நழுவி வருது அடுத்தது தவ்வி வருது. ஒவ்வொரு படத்துக்கும் எத்தனை மில்லி செகண்டு ஆகுதுன்னு கோடு போட்டுக் காட்டச் சொன்னேன், ரம்பப் பல்லு மாதிரி இருந்துச்சு.

காரணம் திரைதான். அது 60 ஹெர்ட்ஸ், 16.7 மில்லி செகண்டுக்கு ஒரு தடவை புதுப்பிக்குது. கார்டு அந்த நேரத்துக்குள்ள முடிக்கலைன்னா பழைய படமே இன்னொரு தடவை நிக்கும். அதனால ஒரு படம் 16.7, அடுத்தது 33.3, திரும்ப 16.7ன்னு மாறி மாறி வருது. படவேகத்தைக் கட்டுப்படுத்துற RTSSங்கிற புரோகிராம்ல `Framerate limit` 30ன்னு வச்சு, திரை புதுப்பிக்கிற நேரத்துக்கு ஏத்தபடி படத்தை விடுற வி-சிங்க்கையும் போட்டேன், எல்லாப் படமும் ரெண்டு ரெண்டு தடவை, சரியா 33.3. கோடு தட்டையாயிடுச்சு. இதுக்கு ஒரு நல்ல சொல் குடுங்க.

தனலெட்சுமி டீச்சர் எழுதியது:

செல்வம், பூட்டு வேண்டாம். பூட்டுன்னா திறக்க முடியாததுங்கிற எண்ணம்தான் முதல்ல வரும். ‘சட்டகம்’ சரியான சொல்தான், ஆனா பசங்க காதுல சட்டம்னு விழும். ‘படவீதம்’ போதும், ஒரு செகண்டுக்கு எத்தனை படம், அவ்வளவுதானே. அதை அசையாம நிறுத்துறதால ‘நிலைப்படவீதம்’னு வைக்கலாமா?

பெரியசாமி எழுதியது:

தம்பி, எங்க கடையில சிசிடிவி 15லதான் ஓடுது, யாரு வந்தா யாரு போனான்னு தெளிவாத் தெரியுது. சினிமாவே 24தான். 30ங்கிறது தாராளம், இதுக்கு எதுக்கு இவ்வளவு பேச்சு. ‘முப்பது ஓட்டம்’னு போட்டுட்டுப் போ.

செல்வம் எழுதியது:

டீச்சர், படவீதம் எடுத்துக்கிட்டேன். ஆனா ‘நிலைப்படம்’னா அசையாத போட்டோன்னு ஏற்கெனவே அர்த்தம் இருக்கு, சேர்த்துப் படிச்சா குழம்பும்.

பெரியசாமி அண்ணே, 24 சரிதான், ஆனா சினிமாக் கேமரா ஒவ்வொரு படத்தையும் கொஞ்ச நேரம் திறந்து வச்சுப் பிடிக்குது, ஓடுறது லேசா இழுபட்டுப் பதியும், கண்ணு ஒண்ணோட ஒண்ணைச் சேர்த்துக்கும். கேம்ல ஒவ்வொரு படமும் வெட்டி வச்ச மாதிரி கூர்மை. அதோட சினிமாவுல நம்ம கை எதையும் திருப்புறதில்ல. கேம்ல 30க்கு இறக்குனா பட்டன் அழுத்துறதுக்கும் திரையில தெரியிறதுக்கும் நடுவுல தாமதம் கூடும், அது உண்மை, மறைக்கக் கூடாது. கார், கதை கேம் எல்லாம் தாங்கும், ஆள் எதிர்ல நின்னு சுடுற ஆன்லைன் கேமுக்கு நான் இதைச் சொல்ல மாட்டேன்.

கவின் எழுதியது:

அண்ணே 30 ரொம்பக் கம்மிண்ணே, என் மெஷின்ல நடுவுல 45 வச்சிருக்கேன், நம்பர் 45லயே நிக்குது அசையவே இல்ல, ஹீட்டும் குறைஞ்சிருச்சு, முன்னாடி அரை மணி நேரத்துல ஃபேன் கத்தி வேகம் தானா இறங்கும் இப்ப இறங்கல. அப்ப அதுவும் லாக்தானே? ‘படவரம்பு’ன்னு சொல்லலாம்ல, இதுக்கு மேல போகாதேங்கிறோம் அவ்வளவுதான்.

செல்வம் எழுதியது:

கவின், ஹீட் விஷயத்துல நீ சொல்றது சரி, கார்டுக்கு ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் நடுவுல ஓய்வு கிடைக்குது. ஆனா 45ஐ 60 ஹெர்ட்ஸ் திரையில போட்டா மூணு படம் நாலு தடவைக்குப் பங்கு போகணும், அதாவது ஒண்ணு, ஒண்ணு, ரெண்டு. நம்பர் அசையாது, படம் அசையும். மெதுவாக் கேமராவைச் சுத்திப் பாரு, செவுத்து ஓரம் குலுங்கும்.

‘படவரம்பு’ நல்லாருக்கு, ஆனா அது பாதிதான். அந்தப் பையன் பிசியிலயே 30 வச்ச அப்புறமும் ஒரு இடத்துல திக்குச்சு, கேம்ல மழை பேஞ்சு டவுன் நடுவுல போனா ஒரு படத்துக்கு 37 மில்லி செகண்டு ஆச்சு. 33.3ஐத் தாண்டிட்டா அடுத்த புதுப்பிப்புக்குக் காத்திருந்து 50ல போய் விழுது. வரம்பு மேல போறதைத்தான் தடுக்கும், கீழ விழுறதைத் தடுக்காது. நிழலை ஒரு படி குறைச்சேன், அதே மழை அதே தெருவுல 28 மில்லி செகண்டு ஆச்சு, அப்பத்தான் முழுசா அமைதியாச்சு. அதனால ரொம்ப மோசமான இடத்துல முதல்ல அளந்து பாத்துட்டுத்தான் 30 வைக்கணும். ஹார்டிஸ்க்ல இருந்து புது இடம் லோடாகும்போது வர்ற திக்கல் இதுல தீராது, அது வேற நோய்.

முனியாண்டி எழுதியது:

நான் உறுமி மேளம் அடிக்கிறவன், கம்ப்யூட்டர் பத்தி அதிகம் தெரியாது, ஆனா செல்வம் சொல்றது எங்களுக்குத் தினப்படி சங்கதி. புதுசா சேர்ற பையன் வேகமா அடிப்பான், கை ஓஞ்சதும் இழுப்பான், திரும்ப ஓட்டுவான், சாமி ஆடுறவங்களுக்குக் காலு பிசகிரும். மெதுவாவே இரு ஆனா ஒரே நடையா அடின்னுதான் சொல்லிக் குடுப்போம். நீங்க தேடுறது ‘சீர்நடை’ இல்லையா?

தனலெட்சுமி டீச்சர் எழுதியது:

அழகான சொல். அப்ப ரெண்டு சொல்லாப் பிரிச்சுக்கலாம். நாம வைக்கிற எண் படவரம்பு. அதுனால கிடைக்கிற ஒழுங்கு சீர்நடை. ஆனா சீர்நடைன்னு தனியாப் போட்டா அணிவகுப்புன்னு நினைக்க மாட்டாங்களா? ‘படச்சீர்நடை’ன்னா நீளமாயிடுது.

கவின் எழுதியது:

சுத்திப் பாத்தேன்ணே, குலுங்குது 😳 இப்ப 30 வச்சேன், நம்பர் 30தான் ஆனா இன்னும் லேசா குலுங்குது. என்னோடது 75 ஹெர்ட்ஸ் திரை. லினக்ஸ்ல RTSSக்குப் பதிலா MangoHud வச்சிருக்கேன்.

செல்வம் எழுதியது:

75ஐ 30ஆல வகுத்தா ரெண்டரை. ஒரு படம் ரெண்டு தடவை, அடுத்தது மூணு தடவை, 26.7, 40ன்னு மாறி மாறி வருது. டிஸ்பிளே செட்டிங்ல திரையை 60க்கு இறக்கு, கேம்ல வி-சிங்க் போடு, அப்புறம் `MangoHud.conf`ல இதை எழுது:

```
fps_limit=30
frame_timing=1
```

ரெண்டாவது வரி கோடு காட்டும். நம்பரை விடு, கோட்டைப் பாரு. அடிக்கடி 33ஐத் தாண்டிப் பல்லு முளைச்சா நிழல், தூரத்து மரம், இந்த ரெண்டையும் முதல்ல குறை.

டீச்சர், குறிப்புல இப்போதைக்கு இப்படி எழுதுறேன்: “திரை 60ல இருக்கட்டும். படவரம்பு 30 வை. சீர்நடை வருதான்னு கோட்டைப் பாரு.” படச்சீர்நடையா சீர்நடையாங்கிறதை நாளைக்குக் கடைக்கு வர்ற பசங்க கிட்ட ரெண்டையும் படிக்கச் சொல்லிக் கேட்டுட்டு எழுதுறேன்.

பெரியசாமி எழுதியது:

அப்ப என் சிசிடிவிக்கும் படவரம்பு 15ன்னு சொல்லலாமா?

தனலெட்சுமி டீச்சர் எழுதியது:

சொல்லலாம் அண்ணே. அதுக்கு அந்தச் சொல் அப்படியே பொருந்துது.