முடியாத ஒப்பந்தத்தில் எவ்வளவு இலாபம் எடுக்கலாம்?

அண்ணாமார், அக்காமார், ஒப்பந்தக் கணக்கு தெரிந்தவர்கள் கொஞ்சம் உதவுங்கள். திருகோணமலையில் ஒரு கட்டட ஒப்பந்தகாரரிடம் கணக்கு எழுதுகிறேன். உப்புவெளியில் விடுதி வேலை, ஒப்பந்த விலை 500 இலட்சம். இதுவரை செலவு 265 இலட்சம். 300 இலட்சத்துக்குச் சான்றிதழ் கிடைத்திருக்கிறது. அதில் 10 வீதம் ரிடென்ஷனாகப் பிடித்ததுபோக 270 இலட்சம் கைக்கு வந்தது. மேல்மாடிப் பூச்சு இன்னும் சான்றிதழில் ஏறவில்லை, அதன் செலவு 15 இலட்சம்.

300உடன் 15ஐக் கூட்டி 265ஐக் கழித்தால் 50 இலட்சம் கருத்தியல் இலாபம். முதலாளி முழுவதையும் காட்டச் சொல்கிறார், வங்கிக் கடனுக்காம்! படித்த முறைப்படி 50 × 2/3 × 270/300, அதாவது 30 இலட்சம்தான் எடுக்கலாம்.

சிக்கல் இதுதான். தள மேற்பார்வையாளர் முடிக்க இன்னும் 195 இலட்சம் வேண்டும் என்கிறார். ஓடுகளும் கம்பிகளும் விலை ஏறிவிட்டன. அப்படியென்றால் மொத்தச் செலவு 460, முழு ஒப்பந்தத்துக்குமே இலாபம் 40 இலட்சம்தான். அதை 300/500ஆல் பெருக்கினால் 24 வருகிறது. வேலை 60 வீதம்தான் முடிந்திருக்கும்போது 30ஐ எடுப்பதா, 24ஐ எடுப்பதா? 24 என்றால், வராத ரிடென்ஷனுக்காக மறுபடி 270/300ஆல் குறைத்து 21.6 ஆக்க வேண்டுமா?