மாணவர் வேலைக்கு ஆசிரியர் தரும் உறுதி: தமிழில் என்ன சொல்?

மொழிபெயர்ப்பாளர்:
வணக்கம். சிங்கப்பூரில் ஐபி எனப்படும் இன்டர்நேஷனல் பக்கலோரியா படிக்கும் பிள்ளைகளின் பெற்றோருக்காக ஒரு கையேட்டைத் தமிழாக்குகிறேன். மாணவர் ஒப்படைக்கும் கட்டுரை அவரே எழுதியதுதான் என்று தேர்வு வாரியத்துக்கு ஆசிரியர் கையெழுத்திட்டுத் தருகிறாரே, அந்த 'ஆத்தென்டிகேஷனு'க்குச் சொல் வேண்டும். பழைய பதிப்பில் 'அங்கீகாரம்' என்றிருக்கிறது, ஒட்டவில்லை. 'மெய்ப்பிப்பு' எனலாமா?

ஓய்வுபெற்ற அரசு ஊழியர்:
புதிதாக எதற்கு? சான்றொப்பம் இருக்கிறதே. மதிப்பெண் பட்டியலின் நகலில் அதிகாரி போட்டுத் தருவாரே, அதேதான்.

வரலாற்று ஆசிரியை:
ஐயா, சான்றொப்பம் போடுபவர் முன்னால் அசல் இருக்கும். ஒப்பிட்டுப் பார்த்துக் கையெழுத்திடுவார். எங்களுக்கு அசல் கிடையாது. மாணவி எழுதி வந்த வழியைப் பார்த்ததுதான் ஆதாரம். 'மெய்ப்பிப்பு' என்றால் நிரூபித்துவிட்டதாக ஆகிவிடும். நாங்கள் சொல்வது 'நான் அறிந்தவரை' என்பது மட்டுமே. ஆகவே 'தன்னாக்கச் சான்றுரை' என்பேன். 'உரை' என்பதால், பொறுப்பேற்று ஒருவர் சொல்லும் சொல் என்பது தெரியும்.

ஐபியில் 'எக்ஸ்டெண்டட் எஸ்ஸே' எனும் நீள்கட்டுரைக்கு 4,000 சொற்கள்தான் எல்லை. மூன்று சந்திப்புகள் கட்டாயம், கடைசிச் சந்திப்பு வாய்மொழி உரையாடல். முழு வரைவில் ஒருமுறைதான் கருத்துச் சொல்லலாம். இதற்கிடையே நாங்கள் எழுதி வைப்பதுதான் சான்றுரைக்கு அடித்தளம்.

ஒரு மாணவி, தோட்டத் தொழிலாளர் குடும்பப் பெண்கள் இந்திய தேசிய ராணுவத்தின் மகளிர் பிரிவான ஜான்சி ராணிப் படையில் ஏன் சேர்ந்தார்கள் என்று எழுதினாள். 1943 அக்டோபரில் வாட்டர்லூ தெருவில் திறந்த பயிற்சி முகாமிலிருந்து தொடங்கினாள். முதல் சந்திப்பன்று என் குறிப்பு இப்படி: 'தேசிய ஆவணக் காப்பகத்தின் வாய்மொழிப் பேட்டி ஒன்றைக் கேட்டிருக்கிறாள், மூன்றாம் நாடாவில் சம்பளம் பற்றிய பேச்சு. கேள்வி இன்னும் அகலம். நான் சொன்னது: ஒரே காரணத்தை எடுத்துக்கொள்.' இரண்டாம் சந்திப்பில் பாதி வரைவு, திணறிய நடை. கோப்பின் நகலைத் தேதியிட்டு வைத்துக்கொண்டேன்.

முழு வரைவு வந்தபோது நடுவில் இரண்டு பத்திகள் மட்டும் வேறு கை. பழைய நகலை அருகில் வைத்ததும் பளிச்சென்று தெரிந்தது. குற்றம் சாட்டவில்லை. "அந்த நாடாவில் பேட்டி தந்த அம்மா என்ன சொன்னார்? நீ இங்கே 'பொருளியல் நிர்ப்பந்தம்' என்று எழுதியிருக்கிறாயே, எதை வைத்து?" என்று கேட்டேன். நாடாவைப் பற்றிச் சரளமாகச் சொன்னாள். அந்தச் சொற்றொடரை விளக்க முடியவில்லை. டியூஷன் ஆசிரியர் திருத்தித் தந்ததாகப் பிறகு சொன்னாள். ஆய்வு அவளுடையது, அந்த இரண்டு பத்திகள் மட்டும் அவளுடையவை அல்ல. பள்ளியின் ஒருங்கிணைப்பாளருக்குத் தெரிவித்தோம். என் முன்னிலையில் அவற்றை மீண்டும் எழுதினாள். அதையும் குறித்துவிட்டே கையெழுத்திட்டேன். குறிப்பு இல்லையென்றால் முழுக் கட்டுரையையும் சந்தேகப்பட்டிருப்பேன், இல்லை கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்திட்டிருப்பேன்.

இயற்பியல் ஆசிரியர்:
இவ்வளவு எழுத யாருக்கு நேரம், டீச்சர்? ஒப்புமை காட்டும் மென்பொருளில் போட்டால் சதவீதம் வந்துவிடும். குறைவாக இருந்தால் கையெழுத்துப் போடலாம்.

வரலாற்று ஆசிரியை:
வெளியே இருக்கும் எழுத்தை அப்படியே எடுத்திருந்தால் அது பிடித்துக் கொடுக்கும், நானும் பயன்படுத்துகிறேன் சார். டியூஷன் ஆசிரியர் புதிதாக எழுதித் தந்த வாக்கியம் எந்தத் தளத்திலும் இருக்காது. அந்தப் பத்திகளுக்கு ஒப்புமை கிட்டத்தட்ட சுழியம்தான். எழுதவும் அதிகம் இல்லை. தேதி, என்ன பார்த்தேன், என்ன சொன்னேன், மாணவி என்ன பதில் சொன்னாள். சந்திப்பு முடிந்த கையோடு நாலு வரி. 'நன்றாகப் போகிறது' என்று மட்டும் எழுதினால் பின்னால் எதற்கும் உதவாது. நான் என்ன சொன்னேன் என்பது முக்கியம். என் யோசனை எங்கே முடிந்தது, அவள் சிந்தனை எங்கே தொடங்கியது என்று அதிலிருந்துதான் தெரியும்.

பிரிட்டனின் வாரியங்களில் இன்னும் கண்டிப்பு. வேலை முறையாக உறுதிசெய்யப்பட்டதற்கு ஆதாரம் இல்லையென்று மதிப்பீட்டின்போது தெரிந்தால் மதிப்பெண் சுழியமாகிவிடும்.

பெற்றோர் ஒருவர்:
என் மகன் 'ஓ' நிலையில் வடிவமைப்பு, தொழில்நுட்பம் படிக்கிறான். வீட்டில் மாதிரி ஒன்று செய்தபோது அவன் அப்பா பலகையில் துளை போட்டுக் கொடுத்தார். இது தப்பா?

வரலாற்று ஆசிரியை:
அந்தப் பாடத்துக்கு விதி தனி, அக்கா. அவன் ஆசிரியரிடம் இப்போதே சொல்லச் சொல்லுங்கள். யார் என்ன செய்தார் என்று அவரும் குறித்துக்கொள்வார். ஒப்படைத்த பிறகு தெரியவந்தால்தான் சிக்கல்.

ஓய்வுபெற்ற அரசு ஊழியர்:
விளக்கத்துக்கு நன்றி அம்மா, 'சான்றுரை' எனக்கும் சரி. ஆனால் 'தன்னாக்கம்' என்றால் தானாக உருவானது என்று படிப்பார்கள். 'சொந்தப் படைப்புச் சான்றுரை' நீளமானாலும் புரியும்.

மொழிபெயர்ப்பாளர்:
'சான்றுரை'யை எடுத்துக்கொள்கிறேன். முன்னொட்டுக்கு இரண்டையும் நான்கைந்து பெற்றோரிடம் காட்டிக் கேட்கப்போகிறேன். சந்திப்பில் ஆசிரியர் எழுதும் அந்த நாலு வரிக்கும் பெயர் வேண்டும். 'மேற்பார்வைக் குறிப்பு' என்று போட்டேன். கண்காணிப்பது போல ஒலிக்கிறதா?

இயற்பியல் ஆசிரியர்:
ஒலிக்கிறது. 'வழிகாட்டல் குறிப்பு'?

வரலாற்று ஆசிரியை:
நான் சொன்னது மட்டுமல்ல, பார்த்ததும் அதில் இருக்கிறதே சார். 'வழிகாட்டல்' பாதியைத்தான் சொல்கிறது. வேறு யாருக்காவது தோன்றினால் எழுதுங்கள்.