சிறு மளிகைக் கடையின் அன்றாடக் கணக்கு: நோட்டா, எக்செல்லா, கணக்கு மென்பொருளா?

அருண்:
சிறிய மளிகைக் கடை நடத்துகிறேன். கல்லாவில் நானும் ஒரு பணியாளரும் மாறி மாறி அமர்கிறோம். சுமார் 40 பேருக்குப் பாக்கிக் கணக்கு உண்டு. இப்போது எல்லாம் நோட்டில்தான் இருக்கிறது. எக்செல்லுக்கு மாறலாமா, கணக்கு மென்பொருள் வாங்கலாமா, நோட்டே போதுமா?

வசந்தி:
தயங்காமல் மென்பொருளுக்கு மாறுங்கள். வாடிக்கையாளர் பாக்கியைச் செலுத்தும்போது நோட்டில் நீங்கள் ரொக்கப் பக்கத்தில் ஒரு முறையும் அவருடைய பக்கத்தில் மற்றொரு முறையும் எழுத வேண்டும். நெரிசலான நேரத்தில் இரண்டாவது பதிவு விட்டுப்போகும், அது பல வாரங்களுக்குப் பிறகு வாடிக்கையாளரோடு ஏற்படும் சச்சரவில்தான் வெளியே வரும். மென்பொருளில் ஒரே பதிவு இரண்டு இடங்களுக்கும் போய்ச் சேர்ந்துவிடுவதால் இந்தச் சிக்கலுக்கே இடமில்லை.

தேவராஜ்:
வசந்தி சொல்வதை நான் முழுமையாக ஏற்கவில்லை. நோட்டில் ஒரு தொகையை அடித்துத் திருத்தினால் பழைய எண்ணும் கண்ணுக்குத் தெரிகிறது, யாருடைய கையெழுத்து என்பதும் தெரிகிறது. எக்செல்லில் ஒரு கட்டத்தின் மீது வேறு எண்ணைத் தட்டிவிட்டால் முதலில் அங்கே என்ன இருந்தது என்று பெரும்பாலும் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. இரண்டு பேர் கல்லாவில் அமரும் கடைக்கு இது சிறிய வேறுபாடு அன்று.

இளங்கோ:
எக்செல்லே போதும் என்பது என் கருத்து. நோட்டில் நிகழும் பிழைகளில் பெரும்பாலானவை கூட்டல் பிழைகள், எக்செல் கூட்டலில் தவறுவதில்லை. ஒரு நாளைக்கு ஒரு வரிசை, ஒவ்வொரு வகைக்கும் ஒரு நெடுவரிசை என்று அமைத்துக்கொண்டால் மாத இறுதியில் தனியாக வேலை எதுவும் இருக்காது.

சுபா:
என் கடையில் பெரிய இழப்பே காலாவதியாகும் சரக்கால்தான் ஏற்பட்டது. எந்தப் பெட்டி எப்போது வந்தது என்பதை நோட்டிலும் எழுதவில்லை, கணினியிலும் பதியவில்லை. ஆகவே சரக்கு இருப்பைக் காட்டாத எந்த முறையும் எனக்குப் பயன்படவில்லை. அருண் முதலில் இருப்புக் கணக்கைக் கவனிக்க வேண்டும்.

கோமதி:
சுபாவின் கவலை உண்மையானது, ஆனால் அருண் கேட்பது பணக் கணக்கைப் பற்றி. அவரிடம் நான் முதலில் கேட்க விரும்புவது வேறு: அன்றைய விற்பனைத் தொகை உங்களுக்கு எங்கிருந்து கிடைக்கிறது? ஒவ்வொரு விற்பனைக்கும் பில் உண்டா, அல்லது இரவில் கல்லாவை எண்ணி, செலவுகளைக் கூட்டி, காலை இருப்பையும் வசூலான பாக்கியையும் கழித்து, மிஞ்சியதை விற்பனை என்று எழுதுகிறீர்களா?

அருண்:
இரண்டாவது முறைதான். பில் கேட்பவர்களுக்கு மட்டுமே கொடுக்கிறோம்.

கோமதி:
அப்படியானால் மூன்றில் எதை வாங்கினாலும் உங்கள் கல்லாவில் பணம் குறைந்தது என்று அது ஒருபோதும் சொல்லாது. ஒரு நாளை எடுத்துக்கொள்வோம். காலை இருப்பு 2,000. பாக்கி வசூல் என்று எழுதியது 1,820. சரக்குக்குக் கொடுத்தது 7,500. சில்லறைச் செலவு 340. வீட்டுக்கு எடுத்தது 1,000. இரவில் எண்ணியது 12,890. உங்கள் முறைப்படி விற்பனை 17,910 என்று வரும், கணக்கு நேராகிவிட்டதாகத் தோன்றும். இப்போது அதே நாளில் எல்லா விற்பனைக்கும் வரிசை எண் கொண்ட பில் போட்டு, அவற்றில் ரொக்க விற்பனையின் கூட்டுத்தொகை 18,450 என்று வந்ததாக வைத்துக்கொள்ளுங்கள். கல்லாவில் இருக்க வேண்டியது 13,430, இருப்பதோ 12,890. 540 குறைகிறது. முதல் முறையில் இந்த 540 விற்பனைக்குள்ளேயே மறைந்துபோனது.

இந்தக் குறைவை இனித் தேட வேண்டும். 540 என்பது 9-ஆல் மீதியின்றி வகுபடுகிறது. இரண்டு இலக்கங்கள் இடம் மாறி எழுதப்பட்டால் வரும் வித்தியாசம் எப்போதும் 9-ஆல் வகுபடும் என்பதால், முதலில் அன்றைய பதிவுகளில் அத்தகைய எண்ணைத் தேடுவேன். 1,280 வாங்கிக்கொண்டு 1,820 என்று எழுதியிருந்தால் சரியாக 540 வரும். வசூல் ரசீதின் அடிக்கட்டையைப் பார்த்தால் உறுதியாகிவிடும். ஆனால் இது ஒரு தடயம் மட்டுமே, உண்மையாகவே காணாமல் போன தொகையும் தற்செயலாக 9-ஆல் வகுபடலாம்.

வசந்தி கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. இதே 1,820-ஐ மென்பொருளில் பதிந்திருந்தால் ரொக்கத்தில் அதே தொகை கூடியிருக்கும், வாடிக்கையாளரின் பாக்கியில் அதே தொகை குறைந்திருக்கும், இருபுறமும் சமமாகவே நின்றிருக்கும். இரண்டாவது பதிவு விட்டுப்போவதை மென்பொருள் தடுக்கும், தவறான தொகையைத் தடுக்காது. அதைக் காட்டிக்கொடுப்பது தனியாக எண்ணிய ரொக்கமும் தனியாகக் கிடைத்த விற்பனைத் தொகையும் மட்டுமே.

இளங்கோ:
பில் வேண்டும் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பில் தொகைகளைக் கூட்டுவதற்கும் எக்செல் போதுமே?

கோமதி:
போதும், ஆனால் கூட்டலில் தவறுவதில்லை என்று நீங்கள் சொன்னது பாதிதான் சரி. ஒரு தொகையோடு யாராவது ஓர் எழுத்தையும் சேர்த்துத் தட்டிவிட்டால் எக்செல் அதை எண்ணாகக் கருதாமல் எழுத்தாகக் கருதும், `SUM` அதை எந்த எச்சரிக்கையும் இன்றித் தவிர்த்துவிடும். அத்தகைய தொகை பெரும்பாலும் கட்டத்தின் இடப்பக்கம் ஒட்டி நிற்கும். தொகைகள் C2 முதல் C60 வரை இருந்தால், வேறொரு கட்டத்தில் இதை இட்டுவையுங்கள்:

```
=COUNTA(C2:C60)-COUNT(C2:C60)
```

விடை 0 இல்லையென்றால், அத்தனை கட்டங்கள் கூட்டலுக்கு வெளியே நிற்கின்றன. எக்செல்லுக்குச் சிக்கல் உண்மையில் பாக்கிக் கணக்கில்தான். 40 பேருக்கு 40 தாள்கள் வைத்தால் இரண்டு இடத்தில் எழுதும் பழைய தொல்லையே திரும்பி வரும். எல்லாப் பாக்கியையும் ஒரே பட்டியலில் நாள், பெயர், தொகை என்று எழுதி `SUMIF` மூலம் நிலுவை எடுத்தால் ஓரளவு சமாளிக்கலாம், ஆனால் ஒரே பெயரை இரண்டு விதமாக எழுதிவிட்டால் அவர் இரண்டு ஆட்களாகிவிடுவார். ஆகவே ஒவ்வொருவருக்கும் ஓர் எண் கொடுங்கள்.

தேவராஜ்:
அப்படியானால் கல்லாவில் நோட்டு இருக்கட்டும் என்கிறீர்களா?

கோமதி:
முதல் பதிவு மட்டும் தாளில் இருக்கட்டும்: வரிசை எண் கொண்ட பில் புத்தகமும் வசூல் ரசீதும். பேரேடாக நோட்டை நான் பரிந்துரைக்க மாட்டேன், ஏனெனில் மொத்தப் பாக்கி எவ்வளவு, எவர் நெடுநாளாகச் செலுத்தவில்லை என்பதை அறிய ஒவ்வொரு பக்கமாகப் புரட்ட வேண்டியிருக்கும். இரவில் கல்லாவை எண்ணுபவர் எண்ணிய தொகையை எழுதிக் கையொப்பமிட்ட பிறகே, இருக்க வேண்டிய தொகையைக் கணக்கிட வேண்டும். முன்கூட்டியே தெரிந்துவிட்டால் எண்ணிக்கை அதை நோக்கியே சாய்ந்துவிடும்.

வசந்தி:
எல்லா விற்பனைக்கும் கையால் பில் எழுதுவது நெரிசலில் நடக்காது என்பதே என் எதிர்ப்பு. நெரிசல் கூடினால் பில் எழுதுவதுதான் முதலில் நிற்கும், அதோடு நீங்கள் சொன்ன சரிபார்ப்பும் நின்றுவிடும். பில் போடும் மென்பொருள் இருந்தால் விற்பனைத் தொகை தானாகவே தனியாகக் கிடைக்கும்.

கோமதி:
அந்த எதிர்ப்பு நியாயமானது, பில் எழுதும் வேகம் அருணின் கடையில் எப்படி இருக்கிறது என்று தெரியாமல் நான் அதை மறுக்க முடியாது. மென்பொருள் வாங்கினால் ஒன்றை மட்டும் முதலில் சோதியுங்கள்: முடித்துப் பூட்டிய நாளின் பில்லைப் பணியாளர் மாற்றவோ நீக்கவோ முயன்றால் அது தடுக்கிறதா, அல்லது யார் எப்போது மாற்றினார் என்ற பதிவையாவது விட்டுவைக்கிறதா? இரண்டும் இல்லையென்றால், அடித்து எழுதியதைக் காட்டும் தேவராஜின் நோட்டே அதைவிட மேல்.

அருண்:
நாளை முதல் எல்லா விற்பனைக்கும் பில் புத்தகத்தில் எழுதிப் பார்க்கிறேன். கைப்பேசி வழியாக வரும் பணத்தை எந்தப் பக்கத்தில் காட்டுவது?

கோமதி:
விற்பனையில் சேர்த்துக்கொள்ளுங்கள், கல்லாவில் சேர்க்காதீர்கள். அந்தப் பில்லில் ஒரு குறியிட்டு, இரவில் அவற்றைத் தனியாகக் கூட்டி, வங்கிக் கணக்கில் வந்து சேர்ந்த தொகையோடு ஒப்பிடுங்கள். சில நேரங்களில் அது மறுநாள்தான் வந்து சேரும் என்பதால், வராத தொகைக்கு என்று ஒரு நெடுவரிசை வைத்துக்கொள்ளுங்கள்.